பொருள்: வியாழன் கூட்டத்துக்கு முன் உங்கள் முடிவு தேவைப்படும் மூன்று விஷயங்கள்

வணக்கம் மேடம்,

நேற்று மாலை நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐந்து படங்களையும் பெரிதாக்கிப் படித்தேன். பக்கங்கள் முன்பின்னாக வந்திருந்ததால், அடியில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டேன். நிகழ்ச்சி நிரலில் மொத்தம் பதினொரு பொருள்கள். எட்டு, கூட்டத்தில் சொல்லிக் கேட்டுக்கொண்டால் போதும். மூன்றுக்கு மட்டும் 9ஆம் தேதி காலை 11 மணிக்கு நாம் உள்ளே போகும்போதே உங்கள் முடிவு தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டி. 2ஆம் பக்கத்தில் 'பழுது நீக்கம் அல்லது புதியது: விவாதம்' என்று சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் 5ஆம் பக்கத்தின் கடைசி வரியைப் பாருங்கள்: கணக்குப் பிரிவு இந்தக் காலாண்டின் கொள்முதல் பட்டியலை அதே கூட்டத்தில் முடித்துவிடுகிறது. அன்றுதான் பேசத் தொடங்கினோம் என்றால் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

என் கருத்து, புதிதாக ஓர் ஐ.எல்.ஆர். வாங்க வேண்டும் என்பதே. இப்போது இருப்பது வீட்டு உபயோகப் பெட்டி. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய இடத்தில், சென்ற வாரம் இரண்டு நாள் காலையில் பின்சுவரை ஒட்டி மைனஸ் 1 காட்டியது. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்றவை ஒருமுறை உறைந்தால் வீரியத்தை இழந்துவிடும். மறுபடி உருகவைத்துப் பயனில்லை. குப்பியைப் பார்த்தால் நல்லதாகவே தெரியும் என்பதுதான் எனக்குப் பயம். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்காது, தாய்க்கு அது தெரியவும் தெரியாது. மின்வெட்டிலும் பழைய பெட்டி சீக்கிரம் சூடேறிவிடுகிறது. ஐ.எல்.ஆருக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே போதும். பின்சுவரை ஒட்டி இருந்த 14 குப்பிகளை நான் தனியே எடுத்து, 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றைக் கழித்துவிட மருத்துவ அலுவலரின் கையொப்பம் வேண்டும். அதையும் நீங்கள் இன்றே கேட்டுவிட்டால் நல்லது.

தொகையை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 4ஆம் பக்கப் படத்தில் விளக்கு வெளிச்சம் சரியாக அந்த எண்ணின் மேல் விழுந்திருக்கிறது. 1,35,000 ஆகவும் இருக்கலாம், 1,85,000 ஆகவும் இருக்கலாம். அசல் தாளைப் பார்த்து ஒரு வரி அனுப்புங்கள். அதுவரை எந்த எண்ணையும் குறிப்பில் எழுத மாட்டேன்.

இரண்டாவது, கிராம முகாமின் தேதி. 2ஆம் பக்கத்தில் 14 (செவ்வாய்), 5ஆம் பக்கத்தில் 19 (ஞாயிறு). ஏதோ ஒன்று பழைய நிரலிலிருந்து தங்கியிருக்க வேண்டும். ஊராட்சியில் தண்டோரா போட நாளை மாலைக்குள் தேதி சொல்லியாக வேண்டும். ஞாயிறு என்றால் வயல் வேலைக்குப் போகும் தாய்மார்கள் வீட்டில் இருப்பார்கள், அதனால் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அது மூன்றாவது முடிவைப் பொறுத்தது.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வருவது என்பது. 3ஆம் பக்கத்தின் வலது ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது; 'வெப்பநிலைப் பதிவு, ஞாயிறு' என்பதற்குப் பிறகு பெயர் ஏதாவது இருந்ததா என்று தெரியவில்லை. பெயர் இல்லையென்றால், காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டிய பதிவேட்டில் அந்த நாள் வெறுமையாகவே நிற்கும், இதுவரை நின்றதுபோல. முகாமன்றும் இதே சிக்கல். கலந்த எம்.ஆர். குப்பியை நான்கு மணி நேரத்துக்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது. திறக்காத குப்பிகள் குளிர் குறையாமல் அன்று மாலையே பெட்டிக்குத் திரும்ப வேண்டும். வாங்கி வைக்க ஓர் ஆள் வேண்டாமா?

ஜூலை மாத ஞாயிறுகளுக்கு நான் வருகிறேன், பதிலாக வார நாளில் ஒரு விடுப்புக் கொடுத்தால் போதும். ஆகஸ்டு முதல் முறைவைத்துக்கொள்ளலாம். இதற்கு நீங்கள் சம்மதித்தால் முகாம் 19. இல்லையென்றால் 14 என்றே ஊராட்சிக்குச் சொல்லிவிடுவோம்.

நாளை (புதன்) மதியம் 2 மணிக்குள் 'வாங்கலாம்', '19', 'சரி' என்று மூன்று சொற்களில் பதில் வந்தாலும் போதும். உடனே ஊராட்சிக்குப் பேசிவிட்டு, கணக்குப் பிரிவுக்கான கோரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து மாலைக்குள் உங்கள் மேசையில் வைக்கிறேன். 3ஆம் பக்கத்தை மட்டும் ஓரம் தெரியும்படி இன்னொரு முறை படமெடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தேன்மொழி
தடுப்பூசிப் பிரிவு