ஃபேகல்டேடிவ் மறுகாப்பீடு: கோவை நூற்பாலை – கடிதமும் ஸ்லிப்பும்

ஐயா,

நேற்று போனில் பேசிய நூற்பாலையின் பிளேஸ்மென்ட் ஸ்லிப் கீழே. ட்ரீட்டி கொள்ளளவு 400 கோடியோடு முடிவதால் மீதிக்கு உங்களை நாடுகிறோம்.

மறைக்காமல் சொல்கிறேன்: 2022-ல் ப்ளோ ரூமில் தீ, 38 லட்சம் கொடுத்தோம். பிறகு ஸ்பார்க் டைவர்ட்டர் பொருத்தினார்கள். போன மாத ஆய்வில் பஞ்சுப் பேல்கள் ஸ்பிரிங்க்ளர் தலையை முட்டிக்கொண்டிருந்தன. இறக்கச் சொல்லி, படம் வாங்கிவிட்டோம்.

ஸ்லிப்
வகை: தீ, விகிதாச்சார ஃபேகல்டேடிவ்
காலம்: 1.4.2025 – 31.3.2026
காப்புத்தொகை: 640 கோடி (கட்டடம் 110, இயந்திரம் 330, சரக்கு 200)
பிரீமியம்: ஆயிரத்துக்கு 0.90, 57.60 லட்சம்
உங்கள் பங்கு: 15%, 96 கோடி, பிரீமியம் 8.64 லட்சம்
கமிஷன்: 12.5%
நிபந்தனை: மூல பாலிசிப்படி, 1 கோடிக்கு மேற்பட்ட இழப்புக்கு உடனடித் தகவல்

மார்ச் 27 மாலைக்குள் கையெழுத்திட்ட பங்கை அனுப்புங்கள். அதுவரை காப்பு தொடங்கியதாகக் கொள்ள மாட்டோம்.

மேலாளர், மறுகாப்பீட்டுப் பிரிவு, சென்னை