உடலைத் தந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

மகா சங்கத்தினரே, குருக்கள் ஐயா, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, பீடாதிபதி அவர்களே, சக ஆசிரியர்களே, முதலாம் வருடப் பிள்ளைகளே, மஸ்கெலியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் விடியுமுன்பே புறப்பட்டு வந்திருக்கும் குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

சிங்களத்தில் சொல்ல வேண்டியதை எங்கள் துறைத் தலைவர் சொல்லிவிட்டார். நான் தமிழில் பேசுகிறேன். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லப்போவதில்லை. முன்வரிசையில் இருக்கும் குடும்பத்தாரிடம் நேரடியாகப் பேச விரும்புகிறேன். பிள்ளைகள் கூடவே கேட்டுக்கொள்ளட்டும்.

உடலைத் தானமாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் எழுதிக் கொடுத்தவர் தன் கையால் அந்தத் தானத்தைச் செய்து முடிக்க முடியாது. நம் நாட்டில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒருவர் உயிரோடு இருக்கும்போதே தன் உடலைக் கல்விக்கு என்று எழுத்தில் தந்துவிடலாம். அந்தத் தாள் அலுமாரிக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். பிறகு ஒரு நாள் இராத்திரி அவர் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, "அம்மா சொன்னபடியே செய்வோம்" என்று சொல்ல ஒரு மகளோ மகனோ வேண்டும். நீங்கள்தான் அந்த மகள்கள், அந்த மகன்கள்.

அது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். உயிர் பிரிந்த சில மணி நேரத்திலேயே உடல் மாறத் தொடங்கிவிடும். மலைநாட்டுக் குளிர் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதனால்தான் நாங்கள் அவசரப்படுத்துகிறோம். கொழும்பிலிருந்து தம்பி வர வேண்டும், வெளிநாட்டிலிருந்து மூத்தவன் முகம் பார்க்க வேண்டும் என்று வீடு முழுக்கத் தவிக்கும்போது, மரணச் சான்றிதழையும் வாகனத்தையும் பார்த்து நீங்கள் ஓட வேண்டியிருந்தது. தப்புச் சத்தம் அடங்குமுன்பே, ஒப்பாரி பாதியில் இருக்கும்போதே, உடல் சுடுகாட்டுப் பக்கம் திரும்பாமல் பேராதனைப் பக்கம் புறப்பட்டிருக்கும். எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. காடாற்ற முடியவில்லை, கரைக்கச் சாம்பல் இல்லை. எட்டுக்கும் கருமாதிக்கும் படத்தை மட்டும் வைத்துப் படைத்திருப்பீர்கள். "பெத்தவளை இப்படி அனுப்பிட்டீங்களே" என்று ஊரில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். அந்த வார்த்தையைத் தாங்கியவர்கள் நீங்கள். நாங்கள் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

ஆத்மா அலையும் என்று சொல்கிறவர்களுக்கு, தன் முதுகெலும்பையே தேவர்களுக்குக் கொடுத்த ததீசி முனிவரை எங்கள் பெரியவர்கள் எடுத்துச் சொல்வார்கள். பௌத்தர்கள், போதிசத்துவர் தன் கண்ணையும் தசையையும் தானம் செய்த பிறவிகளைச் சொல்வார்கள். கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. 1961 இல் இங்கே தொடங்கிய கண்தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குப் பார்வையை அனுப்பியிருக்கிறது. இன்று நாம் நினைவுகூர்பவர்களில் கண்ணையும் கொடுத்து உடலையும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இனிமையான கதை இல்லை. மருத்துவம் மனித உடலை வெட்டிப் பார்த்துத்தான் வளர்ந்தது. அந்த மேசையில் கிடந்தவர்கள் யார் என்று கேட்டால், மருத்துவம் தலைகுனிய வேண்டியிருக்கும். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் 1828 இல் இரண்டு பேர் 16 பேரைக் கொன்று, உடற்கூறு படிப்பித்த ஒரு வைத்தியருக்கு உடல்களை விற்றார்கள். அதன் பிறகு 1832 இல் பிரித்தானியாவில் ஒரு சட்டம் வந்தது. யாரும் கேட்டு வராத உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம் என்றது அது. கேட்டு வர ஆள் இல்லாதவர்கள் யார்? ஏழை விடுதியில் செத்தவர்கள், அடக்கம் செய்யக் காசு இல்லாதவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. உலகத்தின் பல இடங்களில் வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. நம் பாடப் புத்தகங்களில் இருக்கும் அறிவில் ஒரு பங்கு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் கொடுக்கவில்லை.

இதை ஏன் இந்த மண்டபத்தில் சொல்கிறேன்? இந்த மலைநாட்டில் உடல் என்றால் என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை வந்த பிறகும், செத்தவர்களைத் தேயிலைத் தூருக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். பெயர்ப் புத்தகத்தில் அவர்கள் வேலை செய்யும் கைகளாகத்தான் எண்ணப்பட்டார்கள். 1948 இல் குடியுரிமையும் போனது. அவர்களுடைய பேத்தி ஒருத்தி, நாள் முழுக்கக் கூடை சுமந்து குடும்பத்தைக் கரையேற்றியவள், ஒரு தாளில் கையெழுத்திட்டு, "என் உடல் என்னுடையது, இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தருகிறேன்" என்கிறாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. இதைவிடப் பெரிய சொந்தம் கொண்டாடுதல் எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இன்று இந்த வரிசையில் மாணவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

சரி, குடும்பத்தாரே, அம்மாவை, அப்பாவை இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும். கேட்கத் தயங்கியிருப்பீர்கள். கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

உடல் வந்ததும், ஒரு பெரிய நாடி வழியாகப் போமலின் கலந்த திரவத்தை மெதுவாகச் செலுத்துவோம். அது உடல் முழுக்கப் பரவி இழையங்களைக் கெடாமல் காக்கும். அப்புறம் சில மாதங்கள் அப்படியே வைத்திருப்போம். வகுப்பு தொடங்கும்போது சிறு குழுவாகப் பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி நிற்பார்கள். படிக்கும் பகுதி மட்டும் திறந்திருக்கும், மற்றது துணியால் மூடியிருக்கும். தோலிலிருந்து தொடங்கி, தசை, நரம்பு, நாடி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவருடைய உடலிலிருந்து எடுக்கும் எதுவும் இன்னொருவருடையதோடு கலக்காது. படம் எடுக்கக்கூடாது, கைப்பேசிக்கு உள்ளே இடமில்லை. படிப்பு முடிந்ததும் உரிய மரியாதையோடு இறுதிக் காரியம் நடக்கும்.

அதிலிருந்து என்ன கிடைக்கிறது என்றும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் ஒரே ஒரு மனிதன்தான் இருக்கிறான். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள். உண்மையில் அப்படி ஒரு மனிதன் பிறந்ததே இல்லை. பித்தப்பைக்குப் போகும் நாடி எங்கிருந்து கிளைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை அறியாமல் பித்தப்பையை எடுக்கப்போகிறவர், வெட்டக்கூடாததை வெட்டிவிடுவார். முன்கையில் உள்ளங்கைக்குப் போகும் ஒரு மெல்லிய தசைநாண் சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. இப்போதே பெருவிரலையும் சின்னவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள், நடுவில் ஒரு நாண் எழும்பினால் உங்களுக்கு இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை. இப்படிப்பட்ட வேறுபாடுகளை உங்கள் பெற்றோரின் உடல்தான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறது.

கையைப் படிக்கும் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு. பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவரும் தசைகளுக்கு மணிக்கட்டின் குறுகிய வழியாக ஒரு நரம்பு போகிறது. கொழுந்து கிள்ளுவதும், ஊசியில் நூல் கோப்பதும், குழந்தையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதும் அந்த நரம்பின் தயவுதான். விரல்கள் மரத்துப்போகுது டொக்டர் என்று நாளைக்கு ஒரு அம்மா ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ ஆஸ்பத்திரிக்கு வரும்போது, இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அந்த நரம்பைத் தன் கண்ணால் பார்த்தவளாக இருப்பாள். யாரோ ஒருவர் அதற்காகத் தன் கையைத் தந்திருக்கிறார்.

பிள்ளைகளே, உங்களிடம் கொஞ்சம்தான் கேட்கிறேன். உங்கள் மேசையில் இருப்பவரின் பெயர் உங்களுக்குச் சொல்லப்படாது, தேடவும் வேண்டாம். ஆனால் வயிற்றில் ஒரு பழைய தையல் தழும்பைப் பார்த்தால், முழங்கால் தேய்ந்திருப்பதைப் பார்த்தால், அதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தலை சுற்றினால், அழுகை வந்தால் வெட்கப்படாதீர்கள். வெளியே வந்து உட்காருங்கள், நாங்கள் இருக்கிறோம். சில வாரத்தில் பழகிவிடும். பழகிய பிறகு மேசைக்குப் பக்கத்தில் சிரிப்பும் வெட்டிப் பேச்சும் வரத் தொடங்கும். அதைத்தான் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு கூட்டத்தாருக்கும் நன்றி சொல்லாமல் இறங்க முடியாது. தொற்று நோயாலோ, மரண விசாரணைக்குப் பிரேத பரிசோதனை செய்ய நேர்ந்ததாலோ, நேரம் கடந்துவிட்டதாலோ, சிலருடைய உடலை எங்களால் ஏற்க முடியாமல் போகிறது. அந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லும்போது வீட்டார் உடைந்துபோகிறார்கள். கடைசி ஆசையை நிறைவேற்றவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். அவர் கொடுத்தது கொடுத்ததுதான். உங்களையும் இன்று அழைத்திருக்கிறோம், நீங்கள் வந்ததில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

இனி பிரித் ஓதலும் தேவாரமும் செபமும் துஆவும் நடக்கும். அது முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் மேடைக்கு வந்து விளக்கேற்றலாம். படி கொஞ்சம் உயரம், வயதானவர்களுக்குப் பிள்ளைகள் கைகொடுப்பார்கள். பின் மண்டபத்தில் தேநீரும் சாப்பாடும் இருக்கிறது. பிள்ளைகளே, நீங்கள் தனியாக ஒரு மூலையில் நிற்காதீர்கள், குடும்பத்தாரோடு சேர்ந்து சாப்பிடுங்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரியுங்கள். அவர்கள் தங்கள் அம்மாவைப் பற்றி, அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், அவசரமில்லாமல் கேளுங்கள். பின்னேரம் வகுப்பு இல்லை.

குடும்பத்தாரே, உங்களுக்கு எங்கள் எல்லோருடைய நன்றி. வணக்கம்.