பாம்பனில் 4000 சைஸ் தூண்டில் ரீல்: 3 நிமிட அன்பாக்ஸிங் ஸ்கிரிப்ட்

எடுக்கும் வரிசை: முதலில் சீல் உடைக்கும் ஷாட், அடுத்து தராசு, கடைசியில்தான் 0:00 ஷாட். கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கரையில் மைக்கில் இரைச்சல்தான் பதியும். வடகடல் பக்கம் சுவர் மறைவில் உட்காரவும். ஏசி அறையிலிருந்து வந்த கேமரா 20 நிமிடம் பைக்குள்ளேயே இருக்கட்டும்; உடனே எடுத்தால் லென்ஸில் நீர் பூக்கும்.

0:00–0:05 குளோஸ்-அப்: ரீல், விறைத்த பிரைடு நூல், டிராக் என்னும் நூல் பிடிமானத்தை அளக்கும் கைத்தராசு. எண்ணை மறைத்து கட்டைவிரல்.
"பெட்டியில 8 கிலோ டிராக்னு போட்டிருக்கான். தராசு வேற கணக்கு சொல்லுது."

0:05–0:11 பெட்டி.
"விலை 2,450 ரூபா. கரையில நின்னு பாறை மீன் பிடிக்க இது தாங்குமா? பிரிச்சிருவோம்."
வணக்கம், சேனல் அறிமுகம் எதுவும் இங்கே வேண்டாம். சேனல் பெயர் மூலையில் எழுத்தாக 3 நொடி வந்தால் போதும்.

0:11–0:18 கத்தி, சீல், கையில் ரீல். பேச்சில்லை, அட்டை கிழியும் சத்தம் மட்டும். நீண்டுவிட்டால் கத்தியை வெட்டுங்கள், ரீலை வெட்ட வேண்டாம்.

0:18–1:00 "பெயிலைக் கையால மூடுறேன், சிக்கல. லைன் ரோலர் விரல் பட்டதும் சுத்துது. ஹேண்டில்ல லேசா ஆட்டம் இருக்கு, கேளுங்க." (2 நொடி மௌனம்) "ஸ்பேர் ஸ்பூல் கிடையாது."

1:00–1:35 வேகமாக ஓட்டிய காட்சி: சுத்துவது.
"பிரைடை நேரா சுத்துனா மொத்தக் கட்டும் ஸ்பூல்ல வழுக்கும். அப்ப தராசு காட்டுறது டிராக் இல்ல, வழுக்கல். அதான் அடியில பத்துச் சுத்து தங்கூசி. ஸ்பூல் நிறைஞ்சதும்தான் அளக்கணும். பாதி ஸ்பூல்ல அதே டிராக் கூடுதலாக் காட்டும்."

1:35–2:15 ரீல் பலகையில் இறுக்கிக் கட்டியிருக்கிறது. டிராக் முழு இறுக்கம்.
"அண்ணே, வெடுக்குனு வேணாம், ஒரே சீரா இழுங்க."
"இந்தா இழுக்குறேன், நீ தராசப் பாரு தம்பி."
ஸ்பூல் ஓடும் சத்தம். கட்டைவிரல் விலகுகிறது. எண் முழுத் திரைக்கு.
"எடுத்த எடுப்புல 6.9. அது வாஷர் ஒட்டிக்கிட்டு இருந்ததால. ஓடும்போது நிக்கிறது 6.1."
இரண்டு எண்ணும் ஒரே ஷாட்டில், வெட்டில்லாமல். இடையில் வெட்டினால் கமெண்டில் முதல் சந்தேகம் அதுதான்.

2:15–2:50 "8 இல்ல, சரி. ஆனா 13 கிலோ பிரைடுக்கு மூணே கால் கிலோ டிராக் வெச்சாலே போதும். அதுக்கு இது தாராளம். ஹேண்டில் ஆட்டம்தான் எனக்குப் பிடிக்கல. கடல்லேர்ந்து வந்ததும் டிராக்கை இறுக்கிட்டு நல்ல தண்ணியில லேசா அலசுங்க. தளர்வா இருந்தா தண்ணி வாஷருக்குள்ள போயிரும்."

2:50–3:00 "உப்புல ஒரு மாசம் ஓட்டிட்டு கழட்டிக் காட்டுறேன். வேணும்னா சப்ஸ்கிரைப் பண்ணிக்கங்க."

தம்ப்நெயில்: தராசும் கட்டைவிரலும். 6.1 தெரியக் கூடாது.