உன் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து போட்ட கணக்கு (சொந்தப் பார்வைக்கு மட்டும்)

தம்பி, உன் பங்கு, ஈடிஎஃப் முதலீடுகள் இருக்கிற புரோக்கர் திரையை நீ அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முழுசா கணக்குப் போட்டுவிட்டேன். இது நீ உட்கார்ந்து பார்த்துக்கொள்வதற்கு மட்டும்தான், இதை வாங்கு அதை விற்று விடு என்று எதுவும் இதில் சொல்லவில்லை.

படத்தில் தங்க ஈடிஎஃப் வரிசையில் எண்ணிக்கையைக் காட்டும் Qty ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இன்றைய மதிப்பான Cur. val 61,200, கடைசியாகக் கைமாறிய விலையான LTP 68, வகுத்தால் சரியாக 900 வருகிறது, அதையே எடுத்துக்கொண்டேன். மற்ற நான்கு வரிசையிலும் Qty-ஐ LTP-யால் பெருக்கிப் பார்த்தேன், Cur. val-உடன் ஒத்துப்போகிறது.

| | போட்டது | இன்றைய மதிப்பு | லாபம் | லாப % | மொத்தத்தில் பங்கு % |
|---|---|---|---|---|---|
| இண்டெக்ஸ் ஈடிஎஃப் | 85,000 | 1,03,200 | 18,200 | 21.41 | 28.67 |
| வங்கிப் பங்கு | 87,000 | 97,200 | 10,200 | 11.72 | 27.00 |
| ஐடி பங்கு | 87,000 | 78,300 | −8,700 | −10.00 | 21.75 |
| தங்க ஈடிஎஃப் | 46,800 | 61,200 | 14,400 | 30.77 | 17.00 |
| மருந்துப் பங்கு | 19,200 | 20,100 | 900 | 4.69 | 5.58 |
| மொத்தம் | 3,25,000 | 3,60,000 | 35,000 | 10.77 | 100 |

நீ போனில் 11.72 சதவீதம் என்று சொன்னாயே, அது Net chg. பத்தியில் இருக்கும் ஐந்து சதவீதங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தது. அப்படிச் செய்தால் 19,200 போட்ட மருந்துப் பங்குக்கும் 87,000 போட்ட வங்கிப் பங்குக்கும் ஒரே எடை கிடைத்துவிடும், போட்ட பணம் குறைவாக இருக்கிற தங்கத்தின் 30.77 மொத்தத்தையே மேலே இழுத்துவிடும். போட்ட பணம் வேறுவேறாக இருக்கும்போது சதவீதங்களை இப்படி நேராகச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்த லாபத்தை மொத்தமாகப் போட்ட பணத்தால் வகுக்க வேண்டும்: 35,000 / 3,25,000, அதாவது 10.77. மொத்தத்தில் பங்கு சதவீதத்துக்கு மட்டும் வகுக்க வேண்டியது இன்றைய மொத்த மதிப்பால், ஏனென்றால் இன்றைக்கு உன் பணம் எங்கே நிற்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. போட்ட பணத்தால் பார்த்தால் ஐடி 26.77 இருந்தது, விலை இறங்கியதால் 21.75 ஆகிவிட்டது, தங்கம் 14.40-லிருந்து 17-க்கு ஏறியிருக்கிறது. நீ ஒன்றும் செய்யாமலே கலவை மாறியிருக்கிறது, பார்.

அடுத்த தடவை நீயே போட்டுக்கொள்ள, ஷீட்டில் A பெயர், B Qty, C Avg. cost, D LTP என்று வைத்துவிட்டு, E2, F2, G2 மூன்றிலும் வரிசையாக முதல் மூன்று வரியைப் போட்டு கீழே இழு. கடைசி வரி மொத்த லாப சதவீதம், அதைத் தனியாக ஒரு கட்டத்தில் போடு.

```
=B2*C2
=B2*D2
=F2/SUM(F$2:F$6)
=SUM(F$2:F$6)/SUM(E$2:E$6)-1
```

எனக்கு இதில் கண்ணில் பட்டது ஒன்று. நிகர லாபம் 35,000-ல் இண்டெக்ஸும் தங்கமும் மட்டுமே 32,600 கொடுத்திருக்கின்றன. நீ தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த மூன்று பங்குகளில் உன் பணத்தில் 54.33 சதவீதம் இருக்கிறது, ஆனால் அவை மூன்றும் சேர்ந்து தந்தது 2,400. ஐடி பங்கின் நஷ்டம் வங்கியின் லாபத்தைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது. இன்னொன்று, 10 சதவீதம் இறங்கியதை மீட்க 10 ஏறினால் போதாது, இன்றைய 78,300-லிருந்து 11.11 சதவீதம் ஏற வேண்டும். ஐடி பங்கு இன்னும் 10 சதவீதம் விழுந்தால் மொத்தத்தில் 7,830 குறையும், அதாவது 2.175 சதவீதம். அந்தளவு உன்னால் தாங்க முடியுமா என்பதை நீதான் யோசிக்கணும். இண்டெக்ஸுக்குள்ளேயும் வங்கிகளும் ஐடியும் இருந்தால், அந்தத் துறைகளில் உன் உண்மையான பங்கு இந்த அட்டவணையில் தெரிவதைவிட அதிகம்.

சரி, இதில் இல்லாதவையும் தெரிந்திருக்கட்டும். வந்த டிவிடெண்ட், புரோக்கரேஜ், வரி, ஏற்கெனவே விற்றுப் பார்த்த லாபம் எதுவும் இந்தத் திரையில் வராது, நான் சேர்க்கவும் இல்லை. 10.77 என்பது ஆண்டுக்கு இவ்வளவு என்கிற கணக்கும் அல்ல, ஒவ்வொன்றையும் எப்போது வாங்கினாய் என்கிற தேதி இருந்தால்தான் அதைப் போட முடியும். வாங்கிய தேதிகளை அனுப்பு, தேதிகளை வைத்து ஆண்டு லாப சதவீதம் காட்டுகிற XIRR போட்டுத் தருகிறேன். Day chg. பத்தியை நான் தொடவே இல்லை, ஒரு நாள் ஏற்ற இறக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம், ஐடி பங்கை நீ பழைய கணக்கிலிருந்து மாற்றினதாகச் சொன்னாய். அப்படி மாற்றின பங்குக்கு Avg. cost சில சமயம் தவறாகவோ வெறுமையாகவோ வரும். 3,480 என்பது நீ உண்மையில் கொடுத்த விலைதானா என்று பழைய காண்ட்ராக்ட் நோட்டில் பார்த்துச் சொல், வேறாக இருந்தால் −10, 10.77 இரண்டையும் திருப்பிப் போடணும்.