பொருள்: காலாவதியான டொமைனால் கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சல் கிடைக்கவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மசாலைத்தூள் கடையின் டொமைன் சென்ற வாரம் காலாவதியானது. புதுப்பிக்கப் பணம் கட்டத் தயாராக இருந்தும், கணக்குக்குள் நுழைவதற்காக உங்கள் தளம் அனுப்பும் கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சல்கள் அனைத்தும் அதே டொமைனில் உள்ள முகவரிக்கே செல்வதால், ஒன்றுகூட என்னை வந்தடையவில்லை. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். "மீட்பு இணைப்பு அனுப்பப்பட்டது" என்று திரை மட்டும் பச்சை எழுத்தில் தவறாமல் சொல்கிறது.

ஆகவே, இதை அனுப்பும் ஜிமெயில் முகவரியையே என் கணக்கின் தொடர்பு முகவரியாக மாற்றித் தாருங்கள்; அல்லது உள்நுழையாமலேயே பணம் செலுத்தும்படி இன்வாய்ஸ் அனுப்புங்கள். சரிபார்ப்புக்காக எஸ்.எஸ்.எம். வணிகப் பதிவுச் சான்றிதழையும் சென்ற ஆண்டு ரசீதையும் இணைத்துள்ளேன். டொமைன் மீட்புக் கட்டணக் காலம் தொடங்கிவிட்டால் செலவு கூடும் என்பதாலும், தீபாவளி முறுக்குமாவு ஆர்டர்கள் அந்த டொமைன் முகவரிக்கே வருவதாலும், விரைந்து கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்