தலைவலி என்று சொல்லும் பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்?

அன்புள்ள பெற்றோருக்கு,

காலையில் பிள்ளை "தலை வலிக்குது" என்றால் முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது கணக்கில் வராது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் அன்று பள்ளி வேண்டாம். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள்.

ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்து, சூடு இறங்கியதும் வேனில் ஏற்றிவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. மருந்து வேலை செய்வது 4 முதல் 6 மணி நேரம். பதினொரு மணி வாக்கில் காய்ச்சல் மறுபடி ஏறும். எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தெரியாமல் நாங்கள் அடுத்த வேளை கொடுக்கவும் முடியாது. கொடுத்திருந்தால் நேரத்தையும் அளவையும் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

சிரப் பாட்டிலின் லேபிளையும் பாருங்கள். 5 மில்லியில் 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லி. இரண்டாவதையும் 10 மில்லி ஊற்றினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரமாவது விடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. இது டெங்கு காலம் என்பதால், மருத்துவர் சொல்லாமல் இபுப்ரோஃபெனும் வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம்.

காய்ச்சல் இல்லையா? ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு இட்லியும் கொடுத்து அரை மணி நேரம் பாருங்கள். வெறும் வயிறும் ராத்தூக்கம் கெட்டதும்தான் பல நாள் காரணம். தெளிந்துவிட்டால் அனுப்பலாம். வெளிச்சம் கண்ணைக் கூசினாலோ, படுத்தே கிடந்தாலோ வீட்டில் இருட்டறையில் தூங்கவிடுங்கள்.

முந்தின நாள் விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மறுநாள் வலி இருந்தால் பள்ளிக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பக் கஷ்டமாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். முகவாய் நெஞ்சில் படும்படி கழுத்தைக் குனிய முடியாமல் போவது, வலிப்பு, உளறல், காய்ச்சலோடு டம்ளரால் அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள், திடீரென்று தாங்க முடியாத வலி ஆகியவற்றுக்கும் அதேதான். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலியோ, விடிந்ததும் வாந்தியோடு வரும் வலியோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி, கூடவே காய்ச்சல் என்றால் டெங்குப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் அதில் ஆபத்தானவை. 'சூடு விட்டுருச்சு' என்று உடனே அனுப்பிவிடாதீர்கள்.

வாரத்தில் இரண்டு முறைக்கு மேல், அதுவும் கடைசிப் பீரியடில் தலை வலிக்கிறது என்றால் கண் பரிசோதனை செய்யுங்கள்.

வீட்டில் நிறுத்தினால் காலை 8.30-க்குள் வகுப்பு ஆசிரியருக்குத் தகவல் சொல்லுங்கள். ஒரு நாள் விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை.

இப்படிக்கு,
பள்ளிச் செவிலியர்
மருத்துவ அறை, தரைத்தளம்