பண்டிகை வார விடுமுறை: நவம்பர் 6 முதல் 12 வரை கடை இயங்காது

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பண்டிகையை முன்னிட்டு நம் பைண்டிங், நோட்டுப் புத்தகக் கடையும் பின்னால் இருக்கும் பட்டறையும் 2026 நவம்பர் 6 வெள்ளிக்கிழமை முதல் நவம்பர் 12 வியாழக்கிழமை வரை முழுமையாக மூடப்பட்டிருக்கும். நவம்பர் 13 வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு மறுபடியும் திறக்கிறோம்.

பண்டிகைக்கு முன்பே பொருள் கையில் வேண்டும் என்பவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்:

பெயர் அச்சிட்ட நோட்டு, டைரி, ஆல்பம், அளவு கொடுத்துச் செய்யும் பிரேம்: அக்டோபர் 24 சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் ஆர்டர்.

தயாராக இருக்கும் பொருள், கூரியரில்: நவம்பர் 2 திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் ஆர்டர்.

கடைக்கு நேரில் வந்து வாங்க: நவம்பர் 5 வியாழக்கிழமை இரவு 8 மணி வரை.

ஆர்டர் என்றால் விவரமும் அட்வான்ஸும் இரண்டும் எங்களிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். "எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள், விவரம் அப்புறம் அனுப்புகிறேன்" என்று சொல்லி வைத்ததை ஆர்டராக எடுத்துக்கொள்ள முடியாது. பெயரின் எழுத்து, அட்டையின் நிறம், பக்கங்களின் எண்ணிக்கை எல்லாம் முடிவானால்தான் வேலை பட்டறைக்குள் போகும். அச்சுக்கு முன் நாங்கள் அனுப்பும் மாதிரிப் படத்தைப் பார்த்து, அக்டோபர் 26 திங்கட்கிழமைக்குள் சரி என்று பதில் சொல்லிவிடுங்கள். அந்தப் பதில் தாமதமானால், ஆர்டர் நேரத்துக்கு வந்திருந்தாலும் பொருள் பண்டிகைக்குப் பிறகுதான் கிடைக்கும்.

அச்சிட்டுச் செய்யும் பொருளுக்கு ஏன் இவ்வளவு முன்கூட்டிய தேதி என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நோட்டின் பக்கங்களை அச்சிட்டு மடித்துத் தைப்பது வேகமாக நடந்துவிடும். அதற்குப் பிறகுதான் காத்திருப்பு. முதுகுப் பகுதியில் பசை தடவி பிரஸ்ஸில் ஓர் இரவு வைக்கிறோம். காய்ந்த பிறகு ஓரம் வெட்டி, அட்டை ஏற்றி, மறுபடி ஓர் இரவு பிரஸ்ஸில் வைக்கிறோம். பசையில் இருக்கும் ஈரத்தைக் காகிதமும் அட்டையும் இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் போவதற்குள் வெளியே எடுத்தால் அட்டை வில்லாக வளைந்துவிடும், பிறகு எதைச் செய்தாலும் முழுதாக நிமிராது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாட்களில் காய்வதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். ஆள் கூடுதலாகப் போட்டாலும் இந்த நேரத்தைக் குறைக்க முடியாது. அவசரப்பட்டு வளைந்த அட்டையோடு ஒரு புத்தகத்தை உங்கள் கையில் கொடுப்பதைவிட, கடைசித் தேதியை முன்னால் வைத்து அதை உறுதியாகக் கடைப்பிடிப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

எங்களோடு பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கும் இதே தேதிதான். தெரிந்தவர் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் பின்னால் ஏற்றுக்கொண்டால், நேரத்துக்கு ஆர்டர் கொடுத்த இன்னொருவரின் வேலை பிரஸ்ஸிலிருந்து சீக்கிரம் இறங்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய எங்களுக்கு மனமில்லை. தயவுசெய்து வருத்தப்படாதீர்கள்.

தயாராக இருக்கும் பொருட்களைப் பற்றிச் சொல்கிறேன். கோடு போட்ட நோட்டு, கோடில்லாத நோட்டு, நிலையான அளவு பிரேம் ஆகியவற்றை நவம்பர் 3, 4 தேதிகளில் பார்சல் கட்டி அனுப்பிவிடுவோம். நவம்பர் 5 அன்று கூரியருக்கு எதையும் கொடுக்க மாட்டோம், அன்று நேரில் வருபவர்களுக்கு மட்டும். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் கூரியர் கிடங்குகளில் பார்சல்கள் குவிந்துவிடும், வழக்கமாக இரண்டு நாளில் போவது நான்கைந்து நாளும் ஆகலாம். எனவே அந்தக் கடைசி நேரத்துக்குள் வரும் ஆர்டரை நேரத்துக்கு அனுப்புவோம் என்று உறுதி சொல்ல முடியும். வீடு வந்து சேரும் நாளுக்கு எங்களால் உறுதி சொல்ல முடியாது. தொலைவில் இருப்பவர்கள் அக்டோபர் மாதத்திலேயே வாங்கிவிட்டால் எங்களுக்கும் நிம்மதி. கண்ணாடி போட்ட பிரேமை, வாய்ப்பு இருந்தால், நேரிலேயே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பஞ்சும் அட்டையும் வைத்துக் கட்டினாலும், நெருக்கடியான நாட்களில் பார்சல்மேல் பார்சல் ஏறும்போது கண்ணாடிக்கு ஆபத்துதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பண்டிகைக்கு நீங்கள் வெளியூர் போவதாக இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். பூட்டிய வீட்டுக்கு வரும் பார்சல் திரும்பிப் போய்விடும், அந்த வாரத்தில் அது திரும்பி வரும் இடமான எங்கள் கடையும் பூட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஆர்டர்களைப் பத்திரமாக வைத்திருந்து, நவம்பர் 13-க்குப் பிறகு நீங்கள் சொல்லும் நாளில் அனுப்புகிறோம். வேறொருவருக்குப் பரிசாக நேரே அனுப்பச் சொல்பவர்கள், அவருடைய முகவரியோடு அவருடைய தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஆச்சரியம் கெட்டுவிடும் என்று பலர் உங்கள் எண்ணைக் கொடுக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் கூரியர்காரர் வாசலில் நின்றுகொண்டு உங்களை அழைத்தால், நீங்கள் அந்த ஊரிலேயே இருக்கமாட்டீர்கள்.

பழைய புத்தகங்களைச் சரிசெய்யக் கொடுத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புதிதாக எந்தப் பழைய புத்தகத்தையும் அக்டோபர் 20 செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வாங்கமாட்டோம். ஏற்கெனவே எங்களிடம் இருப்பவற்றில் வேலை முடிந்தவற்றை நவம்பர் 5-க்குள் எடுத்துக்கொள்ளலாம், தயாரானதும் ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லிவிடுவோம். முடியாதவற்றைப் பாதி வேலையில் மேசைமேல் போட்டுவிட்டுப் போகமாட்டோம். பிரிந்த பக்கங்களை வரிசைப்படி அடுக்கி, காகிதத்தில் சுற்றி, பெயர்ச் சீட்டு ஒட்டி, தரையிலிருந்து உயரத்தில் இருக்கும் இரும்பு அலமாரியில் பூட்டி வைப்போம். பசை ஈரத்தோடு எந்தப் புத்தகமும் ஒரு வாரம் மூடிய அறைக்குள் இருக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். அதனால் கடைசி இரண்டு நாட்களில் பழைய புத்தகங்களில் பசை வேலை எதையும் தொடங்கப்போவதில்லை. உங்கள் தாத்தாவின் கையெழுத்து இருக்கும் புத்தகம் எங்களிடம் இருக்கிறது என்பது எங்களுக்கு எப்போதும் நினைவிருக்கும்.

விடுமுறை நாட்களில் கடைத் தொலைபேசியை யாரும் எடுக்கமாட்டார்கள். வாட்ஸ்அப் செய்திக்கும் பதில் வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டறையில் தைப்பவர்களும் பசை வேலை செய்பவர்களும் பார்சல் கட்டுபவர்களும் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் இரவு வெகுநேரம் வரை நின்று உழைக்கிறார்கள். குடும்பத்தோடு இருக்கும் அந்த ஒரு வாரத்தில் அவர்களில் ஒருவர்கூட ஒரு ஆர்டரைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். போய்ச் சேரும் பயணத்துக்கும் திரும்பி வரும் பயணத்துக்கும் சேர்த்துத்தான் ஏழு நாள். அந்த நாட்களுக்கான சம்பளம் அனைவருக்கும் உண்டு.

இணையதளத்தில் ஆர்டர் கொடுக்கும் வசதி மட்டும் திறந்தே இருக்கும். நவம்பர் 2 மாலை 5 மணிக்குப் பிறகு அங்கே வரும் ஆர்டர்கள் வந்த வரிசைப்படி சேர்ந்துகொண்டிருக்கும். தயாராக இருக்கும் பொருட்கள் நவம்பர் 16 திங்கட்கிழமை முதல் அனுப்பப்படும். அக்டோபர் 24-க்குப் பிறகு வரும் அச்சு வேலைகள் நவம்பர் 23 திங்கட்கிழமை முதல் ஒவ்வொன்றாக வெளிவரும். பணம் கட்டிவிட்டு மனம் மாறினால், நவம்பர் 13 அன்று நாங்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன் எழுதிவிடுங்கள், முழுத் தொகையையும் திருப்பித் தருகிறோம்.

ஏற்கெனவே வழியில் இருக்கும் பார்சல் எங்கே என்று தெரிய, உங்களுக்கு அனுப்பிய டிராக்கிங் எண்ணைக் கூரியர் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணும் நிறுவனத்தின் பெயரும் பார்சல் கிளம்பிய அன்றே செய்தியாக வந்திருக்கும். பொருள் சேதமாக வந்தால் பெட்டியையும் பொருளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழக்கமாகப் பொருள் கிடைத்த ஏழு நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது நம் விதி. விடுமுறையில் கிடைத்தவர்களுக்கு அந்த ஏழு நாள் நவம்பர் 13 முதல்தான் கணக்கு, ஆகவே நவம்பர் 19 வரை சொல்லலாம். எங்கள் விடுமுறையால் உங்கள் உரிமை ஒருநாள்கூடக் குறையாது.

கடை மூடியிருக்கும் அந்த ஏழு நாட்களில் நாங்கள் யாரிடமும் பணம் கேட்கமாட்டோம். "உங்கள் பார்சல் நின்றுவிட்டது, இந்த இணைப்பில் சிறு தொகை கட்டுங்கள்" என்றோ, "கடையின் புது எண் இது" என்றோ செய்தி வந்தால் அது எங்களிடமிருந்து வந்ததில்லை. இணைப்பைத் திறக்காதீர்கள், திரையில் வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பண்டிகைக் காலத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதால், ஏமாற்றுபவர்களுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும். 2027 டைரிகளை மொத்தமாக வாங்குபவர்கள் இந்த விடுமுறையை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் ஒரு வாரம் போய்விடுவதால், நவம்பர் 20 வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கையும் சின்னத்தின் கோப்பும் தந்தவர்களுக்கு டிசம்பர் 18-க்குள் ஒப்படைப்போம். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு ஜனவரியில்தான் தர முடியும். முடிவெடுக்க உங்கள் அலுவலகத்தில் பலர் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், விடுமுறைக்கு முன்பே மாதிரியை எடுத்துச் சென்றுவிடுங்கள். மாதிரிக்குக் கட்டணம் இல்லை.

சந்தேகம் எதுவானாலும் நவம்பர் 5 இரவு 8 மணி வரை நீங்கள் வழக்கமாக அழைக்கும் அதே கடை எண்ணில் பேசுங்கள். அன்று பகலில் கூட்டம் அதிகமாக இருக்கும், காலை 11 மணிக்குள் வந்தால் நிற்காமல் வாங்கிப் போகலாம். பில்லை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

உங்களுக்கும் குடும்பத்தார்க்கும் பண்டிகை நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பட்டறை ஊழியர்களும்